டிவி வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுவது எப்படி? ஒரே அணை, மூன்று வயது

பள்ளிப் பிள்ளைகளுக்கான பொது அறிவுப் போட்டி ஒன்றுக்கு ஒரு சீசன் முழுக்கக் கேள்வி எழுதிக் கொடுத்தேன். ஒளிபரப்பிய சானலின் பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் சொதப்பியதில் பாதி என்னுடையது. சுற்றுகள் எப்படி நடக்கும், பஸ்ஸர் என்றால் என்ன என்பதெல்லாம் ‘வினா விடை வேட்டை’ மாதிரி நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் நேராக வேலைக்குப் போகிறேன்.

1. வயதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நாங்கள் வைத்துக்கொண்டது மூன்று பிரிவு: 4-5ஆம் வகுப்பு, 6-8, 9-10. பிளஸ் டூ பிள்ளைகளைப் பள்ளிகள் பெரும்பாலும் அனுப்புவதில்லை, பொதுத் தேர்வு பயம்.

அந்தந்த வகுப்பின் பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ் வகுப்புகளுக்குப் பருவம் வாரியாகப் புத்தகம் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். ஆகஸ்டில் ஒளிப்பதிவு நடந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் முதல் பருவப் புத்தகம்தான் இருக்கும். மூன்றாம் பருவத்தில் வரும் பாடத்தைக் கேட்டுவிட்டு “இது புத்தகத்தில் இருக்கிறதே” என்று வாதாடக் கூடாது. நான் வாதாடியிருக்கிறேன்.

2. ஒரு செய்தியை எடுத்து மூன்றாக அறுங்கள்

வயது கூடக்கூட அபூர்வமான தகவலைத் தேடிப் போவதுதான் ஆரம்பத்தில் எல்லாரும் செய்வது. சின்னவர்களுக்கு மாநிலப் பறவை, பெரியவர்களுக்கு யாருக்கும் தெரியாத ஓர் ஆண்டு. அப்படி எழுதினால் பெரிய பிள்ளைகள் வரிசையாக “பாஸ், பாஸ்” என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பார்க்கிறவர் ரிமோட்டை எடுத்துவிடுவார்.

அதற்குப் பதிலாக ஒரே பொருளை எடுத்து, மூளைக்குக் கொடுக்கும் வேலையை மட்டும் மாற்றுங்கள். சின்னவர்களுக்கு அடையாளம் காணும் வேலை. நடுப் பிரிவுக்கு இரண்டு செய்தியை இணைக்கும் வேலை. பெரியவர்களுக்குத் துப்புகளை வைத்து ஊகிக்கும் வேலை. மேட்டூர் அணையை வைத்துச் செய்து பார்ப்போம்.

4-5ஆம் வகுப்புக்கு நான் முதலில் எழுதியது இது: “காவிரி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை எது?”

பதிவு நாளில் ஒரு சிறுமி கொஞ்சமும் யோசிக்காமல் “கல்லணை” என்றாள். என் விடைத்தாளில் மேட்டூர். நெறியாளர் “தவறு” என்று சொல்லிவிட்டு அடுத்த அணிக்குக் கேள்வியைத் தள்ளினார், அவர்கள் மேட்டூர் என்று சொல்லி மதிப்பெண் வாங்கினார்கள். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. கல்லணை காவிரியில் இல்லாமல் வேறெங்கே இருக்கிறது? கூட வந்த ஆசிரியை எழுந்து நின்றுவிட்டார். கேமராவை நிறுத்தி, மதிப்பெண்ணைத் திருத்தி, அந்தப் பகுதியைத் திரும்ப எடுக்க முக்கால் மணி நேரம் போனது.

திருத்திய கேள்வி: “ஓர் அணையின் பெயரைச் சொல்லுங்கள். இது காவிரித் தண்ணீரைத் தேக்குகிறது. சேலம் மாவட்டத்தில் இருக்கிறது.” இப்போது கல்லணைக்கு இடமில்லை. (இதிலும் ஓட்டை இருந்தது, கடைசியில் பாருங்கள்.)

6-8க்கு நான் யோசித்தது குறுவை. ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறப்பது வழக்கம், அது எந்தச் சாகுபடிக்காக என்ற கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு இது பொது அறிவே இல்லை, வீட்டுப் பேச்சு. நாலாம் வகுப்பிலேயே சொல்லிவிடும். கோயம்புத்தூரில் பத்தாம் வகுப்புப் பையன் முழித்தான். நான்கு அணிகளும் ஒரே வட்டாரத்திலிருந்து வந்தால் மட்டும் இப்படிக் கேளுங்கள்.

கடைசியில் வைத்தது: “மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு, அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஓர் ஆங்கிலேயரின் பெயரை வைத்தார்கள். சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் அவர் பெயர்தான். அவர் யார்?” ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று படித்த பிள்ளையும் சொல்லலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று கேள்விப்பட்ட பிள்ளையும் சொல்லலாம். உள்ளே வர இரண்டு கதவு இருப்பது நடுப் பிரிவுக்கு ரொம்ப முக்கியம்.

9-10க்கு: “இந்த நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வெகுவாகக் குறைந்தால், முழுகிப்போன ஊரின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரங்களும் வெளியே தெரியும். 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. இதன் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி. எந்த அணை?” செய்தி பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு 120 அடி என்றதுமே பொறி தட்டும். பண்ணவாடியில் நந்தி தெரிகிற படத்தைப் பார்த்தவர் முதல் வரியிலேயே பஸ்ஸரை அழுத்திவிடுவார். விடை சின்னவர்களுக்குக் கேட்ட அதே மேட்டூர்தான். ஏறும் வழிதான் வேறு.

3. காதுக்கு எழுதுங்கள் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

எனக்கு ஒரு மாதம் பிடிபடாமல் இருந்தது இதுதான். தாளில் பார்த்தால் சுலபமான கேள்வி. நெறியாளர் வாசித்தால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். “கேள்வியைத் திரும்பச் சொல்லுங்க சார்” என்கிறார்கள். நான் தகவலைச் சுலபமாக்கிக்கொண்டே போனேன், நிலைமை மாறவே இல்லை.

பிறகுதான் புரிந்தது. தமிழில் ‘எது’, ‘யார்’ எல்லாம் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வந்து உட்காரும். “1934-ல் கட்டி முடிக்கப்பட்ட, சேலம் மாவட்டத்தில் அமைந்துள்ள, ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்றும் அழைக்கப்படும் அணை எது?” இதைக் கேட்கும் பத்து வயதுப் பிள்ளை, கேட்கப்படுவது ஆண்டா, ஊரா, ஆளா என்று தெரியாமலே மூன்று பெயரெச்சத்தை மனதில் சுமந்துகொண்டு கடைசிவரை வர வேண்டும். அதற்குள் முதலில் கேட்டது கீழே விழுந்திருக்கும்.

மருந்து ரொம்பச் சின்னது. சின்னவர்களுக்கு எழுதும்போது, விடை எந்த வகை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். “ஓர் அணையின் பெயரைச் சொல்லுங்கள்” என்று மேலே ஆரம்பித்தது அதற்காகத்தான். அப்புறம் துப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாக்கியம், முற்றுப்புள்ளி வைத்து. புத்தகப் பக்கத்தில் இது அழகான நடையாக இருக்காது, ஆனால் ஸ்டூடியோவில் வேலை செய்யும்.

பெரியவர்களின் பஸ்ஸர் சுற்றில் இதையே தலைகீழாகப் பயன்படுத்தலாம். கடினமான துப்பு முதலில், சுலபமானது கடைசியில், கேள்விச் சொல் அதற்கும் பின்னால். நந்தி சிலை முதலில் வந்ததும் 120 அடி பின்னால் வந்ததும் தற்செயல் இல்லை. இடம் மாற்றினால் எல்லா அணியும் ஒரே நொடியில் அழுத்தும், யார் முந்தினார் என்று சண்டை வரும்.

‘எது அல்ல’, ‘எது தவறானது’ வகைக் கேள்விகளைக் கீழ்ப் பிரிவுகளில் வைக்காதீர்கள். ‘அல்ல’ காதில் விழுவதே இல்லை.

4. விடைத்தாள்

என் பழைய ஆசிரிய நண்பர் இன்னும் அட்டையில்தான் எழுதுகிறார். எனக்குக் கூகுள் ஷீட்தான் சரி. கேள்வி, விடை இரண்டு கட்டம் மட்டும் போதாது. ‘இதையும் ஏற்கலாம்’ என்று ஒரு கட்டம், ‘இதை ஏற்காதே’ என்று ஒரு கட்டம், ‘சரிபார்த்த தேதி’ என்று ஒரு கட்டம் கட்டாயம். ஒளிச்சேர்க்கை என்பதற்கு ஆங்கில வழிப் பிள்ளை போட்டோசிந்தசிஸ் என்று சொல்லும், அது ‘ஏற்கலாம்’. திருச்சி என்றாலும் திருச்சிராப்பள்ளி என்றாலும் ஒன்றுதான். இதையெல்லாம் நெறியாளர் அந்த நொடியில் யோசிக்கக் கூடாது, தாளில் இருக்க வேண்டும்.

தேதி ஏன் என்றால், பதிவு ஒரு நாள், ஒளிபரப்பு வேறொரு நாள். அதிக நிலவுகள் உள்ள கோள் எது என்று எழுதி வைத்திருந்தேன். 2023 பிப்ரவரியில் வியாழன் சனியை முந்தியது. மே மாதம் சனி திரும்ப முந்திவிட்டது. நாங்கள் பதிவு செய்தது மார்ச்சில், வெளிவந்தது ஜூனில். வியாழன் என்று சொன்ன பையனுக்கு “சரியான விடை” என்று திரையில் கைதட்டல் விழுந்தபோது அது தப்பான விடையாகிவிட்டிருந்தது. மாவட்டங்களின் எண்ணிக்கையும் இதே ஆபத்துதான். பழைய புத்தகத்தில் 32 இருக்கும், இப்போது 38. மாறக்கூடிய எண்ணைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் “2023 ஜனவரி நிலவரப்படி” என்று கேள்விக்குள்ளேயே தேதியைப் போடுங்கள்.

எழுத்துருவிலும் ஒரு வில்லங்கம். கிராபிக்ஸ் செய்பவர் பழைய எழுத்துரு வைத்திருந்தால், நீங்கள் அனுப்பிய யூனிகோடு தமிழ் திரையில் கொக்கி கொக்கியாக வரும். ஒரு கேள்வியை முன்கூட்டியே அனுப்பி, திரையில் வந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

5. மூன்று பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள்

போட்டிக்கு வராத, அதே வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர். தாளைக் காட்டாமல் ஒரே ஒரு முறை வாசியுங்கள். மூன்று பேரும் சொன்னால் ஒரு பிரிவு கீழே இறக்குங்கள். ஒருவரும் சொல்லாவிட்டால், முதலில் விடையைச் சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள். “அட, ஆமாம்ல!” என்றால் கேள்வியின் வாக்கியத்தில்தான் கோளாறு, திருத்தி எழுதலாம். “அப்படி ஒண்ணு இருக்கா?” என்றால் தூக்கிப் போடுங்கள்.

நேரடிச் சுற்றில் ஓர் அணிக்குப் போகும் கேள்வியும் அடுத்த அணிக்குப் போகும் கேள்வியும் ஒரே எடையா என்பதும் இங்கேதான் தெரியும். நான் ஒரு நிகழ்ச்சிக்கு 30 கேள்வி தேவை என்றால் 45 எழுதுவேன். இந்தச் சோதனையில் பத்துக்கு மேல் போய்விடும்.

பிற்சேர்க்கை: மேட்டூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: “சேலம் மாவட்டத்தில் காவிரியில் செக்கானூர் கதவணையும் இருக்கிறதே, எங்கள் ஊர்ப் பையன் அதைச் சொன்னால் என்ன செய்வீர்கள்?” நியாயம்தான். கேள்வியில் ‘மிகப் பெரிய அணை’ என்று சேர்த்துவிட்டேன். செக்கானூர் இப்போது ‘ஏற்காதே’ கட்டத்தில் இருக்கிறது, பக்கத்தில் காரணத்தோடு.