துறைகள் பணம் கேட்டு வரும் நாள்: பட்ஜெட் கூட்டத்துக்கு அஜெண்டா போடுவது எப்படி?

கடலூர் சிப்காட்டில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தபோது, முதல் முறையாகப் பட்ஜெட் கூட்டத்தை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. ஐந்து துறை மேனேஜர்கள், எம்.டி., ஆலைத் தலைவர், நான். அகர வரிசைப்படி பேசவிட்டேன். உற்பத்திப் பிரிவு எழுந்து ஒன்றேகால் மணி நேரம் பேசியது. பெரிய தொகை கேட்ட மெயின்டெனன்ஸின் முறை வந்தபோது சாப்பாட்டு நேரம். "சரி, எல்லாருக்கும் பத்து சதவீதம் குறைச்சிடலாம்" என்று எம்.டி. எழுந்துவிட்டார். அடுத்த வருடம் எல்லாத் துறையும் பத்து சதவீதம் கூட்டிப் போட்டுக்கொண்டு வந்தன.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நானே அமைத்தவை, லட்சம் ரூபாயில். சம்பளமும் மூலப்பொருளும் இந்தக் கூட்டத்தில் வராது. அவற்றுக்குக் கணக்கு வேறு.

படி 1: பத்து நாள் முன்பு ஒரு பக்கப் படிவம்

நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. கூட்டத்தைப் பிப்ரவரி நடுவில் வைத்தால் ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்து மாத உண்மைச் செலவு கையில் இருக்கும். ஒவ்வொரு துறைக்கும் ஒரே ஒரு எக்செல் வரி போதும். B-இல் இந்த ஆண்டு ஒப்புதல் கொடுத்த தொகை, C-இல் மார்ச் வரை ஆகக்கூடிய செலவு, D-இல் அதில் ஒருமுறை மட்டும் வந்த செலவு, E-இல் அடுத்த ஆண்டுக்குக் கேட்கும் தொகை. F-இல் இந்தச் சூத்திரம்:

```
=E2-(C2-D2)
```

ஒருமுறைச் செலவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் துறை உண்மையில் எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறது என்பதை F காட்டும். கூட்டம் முழுவதும் பேசப்போவது இந்த எண்ணைப் பற்றித்தான்.

புதியவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். முதலாவது C. பத்து மாதச் செலவைப் பத்தால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கிவிடுவார்கள். நம் ஊரில் அது சரிப்படாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஜெனரேட்டர், பம்பு, தார்ப்பாய் எல்லாச் செலவும் அந்த மூன்று மாதத்தில் குவிந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சுக்கு என்ன வேலை பாக்கி இருக்கிறது என்று தனியாகக் கேட்டு எழுத வேண்டும்.

இரண்டாவது D. இதை யாரும் தானாக நிரப்பித் தர மாட்டார்கள். புயல் வருடத்துச் செலவு அப்படியே 'வழக்கமான செலவு' ஆகிவிட்டால் துறைக்கு லாபம்தானே. கணக்குப் பிரிவு வவுச்சர்களைப் பார்த்து நிரப்பி, துறையிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

படிவத்தின் அடியில் ஒரு கேள்வி: "கேட்டதில் பத்து சதவீதம் குறைந்தால் எந்த வேலையை விடுவீர்கள்?" பதிலாக வேலையின் பெயர் இருக்க வேண்டும். 'எல்லாவற்றிலும் கொஞ்சம்' என்று வந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

படி 2: கூடுதல் எவ்வளவோ, நேரம் அவ்வளவு

எங்கள் உதாரணத்தில் ஐந்து துறையும் கேட்டது 218. எம்.டி. கொடுக்க முடியும் என்றது 200. இடைவெளி 18. F பத்தியில் மெயின்டெனன்ஸுக்கு 30, உற்பத்திக்கு 6, எச்.ஆருக்கு 4, லேபுக்கு 3, ஸ்டோர்ஸுக்கு 1. துறை எவ்வளவு பெரியது, மேனேஜர் எவ்வளவு சீனியர் என்பதையெல்லாம் மறந்துவிட்டு இந்த வரிசையிலேயே அஜெண்டா போடுங்கள்.

- 9.30: மொத்தத் தொகை, இடைவெளி. கணக்குப் பிரிவு, 10 நிமிடம்
- 9.40: மெயின்டெனன்ஸ், 45 நிமிடம்
- 10.25: உற்பத்தி, 25 நிமிடம்
- 10.50: டீ
- 11.00: எச்.ஆர்., 20 நிமிடம்
- 11.20: லேப், 15 நிமிடம்
- 11.35: ஸ்டோர்ஸ், 5 நிமிடம்
- 11.40: மேனேஜர்கள் வெளியே, எம்.டி., ஆலைத் தலைவர், கணக்குப் பிரிவு மட்டும், 40 நிமிடம்
- 12.20: முடிவை அறிவித்தல், 20 நிமிடம்

முதல் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். இடைவெளி 18 என்று எல்லாருக்கும் தெரிந்தால்தான், தன் தொகை வெட்டுப்படும்போது 'என்னை மட்டும்' என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஸ்டோர்ஸுக்கு ஐந்து நிமிடம்தானா என்று அந்த மேனேஜர் முகம் சுளிப்பார். கூடுதலாகக் கேட்டது ஒரு லட்சம்தான் என்று முன்னாலேயே தனியாகச் சொல்லிவிடுங்கள்.

படி 3: விதிகள்

விதிகள் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அஜெண்டாவோடு சேர்த்து அனுப்புங்கள். எங்களுக்கு உதவியவை இவை.

அன்றைக்குப் புது எண் கூடாது. படிவத்தில் இல்லாத தொகையை எழுந்து நின்று சொன்னால், சரிபார்க்க வழியில்லாமல் எல்லாரும் விழிக்க வேண்டியதுதான்.

பேசுபவருக்கு முதல் ஏழு நிமிடம் குறுக்கீடு கிடையாது. அப்புறம் கேள்விகள், முதலில் கணக்குப் பிரிவு. அடுத்த துறைக்காரர் கேள்வி கேட்கலாம், தன் வேலையை அது எப்படிப் பாதிக்கிறது என்று சொல்லலாம். "அதை எனக்குக் கொடுங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது.

எம்.டி. கடைசியில்தான் கருத்துச் சொல்வார். இதை அவரிடம் முந்தின நாளே பக்குவமாகச் சொல்லி வைக்க வேண்டும். "இது ரொம்ப அதிகம்" என்று ஆரம்பத்திலேயே அவர் வாயிலிருந்து வந்துவிட்டால், அதற்குப் பிறகு கேட்பது எல்லாம் கெஞ்சல்தான்.

ஒரு துறை பேசி முடித்ததும் முடிவு சொல்லக் கூடாது. முதலில் வந்தவருக்குத் தாராளமாகவும் கடைசியில் வந்தவருக்கு மிச்சம் மீதியும் போய்ச் சேரும். ஐந்தையும் கேட்ட பிறகே முடிவு.

தொகையை வெட்டினால் எந்த வேலை நிற்கிறது என்று பெயர் சொல்லி வெட்ட வேண்டும். முடிவில் மறுப்பு இருந்தால் மூன்று நாளுக்குள் எழுத்தில் தரலாம். ஆனால் கூட்டத்தில் சொல்லாத ஒரு புதுத் தகவல் அதில் இருக்க வேண்டும்.

படி 4: மெயின்டெனன்ஸ் கூறு எப்படி நடந்தது

விதிகள் எங்கே வேலை செய்கின்றன என்பது ஒரு துறையை முழுதாகப் பார்த்தால்தான் புரியும். மெயின்டெனன்ஸுக்கு ஒப்புதல் 48, ஆகக்கூடிய செலவு 57, கேட்பது 78. மேலோட்டமாகப் பார்த்தால் கூடுதல் 21. ஆனால் 57-இல் 9 மழை வாரத்தில் வந்தது: வாடகை ஜெனரேட்டர் 5, கூடுதல் டீசல் 3, தற்காலிகத் தகடும் தார்ப்பாயும் 1. அதைக் கழித்தால் கூடுதல் 30.

மேனேஜர் ஏழு நிமிடத்தில் ஐந்து தலைப்பு சொன்னார்: பராமரிப்பு ஒப்பந்தங்கள் 14, உதிரிபாகம் 26, ஜெனரேட்டர் 12, நான்கு ஷெட்டுக்கு மேற்கூரை 16, துருத் தடுப்புப் பெயின்ட் 10. முதல் இரண்டிலும் தலா ஒரு லட்சம்தான் ஏற்றம், கொட்டேஷனும் இருந்தது. இரண்டு நிமிடத்தில் தாண்டினோம்.

ஜெனரேட்டர் 12-இல் டீசல் 7, வாடகை 5. நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மணி நேரத்துக்கு, சார்?" மணிக்குச் சுமார் 40 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மணிக்கு 3,680. ஏழு லட்சத்துக்கு 190 மணி நேரம் ஓடும். ஜெனரேட்டர் லாக் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னோம். அந்த ஆண்டு ஓடியதும் 190 மணி. அதில் 80 மணி மழை வாரத்தில் மட்டும். ஆக, போன மழை அப்படியே திரும்ப வரும் என்று வைத்து அவர் கேட்டிருக்கிறார்.

"வராதுன்னு யார் சொன்னது? தானே வந்தப்ப இங்கதானே சார் இருந்தீங்க?" என்றார். நியாயமான கேள்வி. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் புயல் வருவதில்லை. வராத ஆண்டில் வாடகை 5, மழை டீசல் 3 என்ற அந்த 8 லட்சம் துறையின் கையில் இருந்தால் மார்ச்சில் எதற்காவது செலவாகியே தீரும்.

அடுத்து மேற்கூரை. ஸ்டோர்ஸ் மேனேஜர் கை தூக்கினார். இரண்டாவது ஷெட்டில் ஒழுகி மூட்டைகள் நனைந்ததாகவும், எத்தனை மூட்டை தள்ளுபடி செய்தார் என்றும் பதிவேட்டோடு சொன்னார். விதி இதைத்தான் அனுமதிக்கிறது. "நான்கில் இரண்டுதான் என்றால் எந்த இரண்டு?" என்று ஆலைத் தலைவர் கேட்டார். பதில் படிவத்திலேயே இருந்தது: இரண்டாவதும் நான்காவதும் முதலில்.

பெயின்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பவன். உப்புக் காற்றில் இரும்பு படும் பாடு கடற்கரையோரம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இதில் மிச்சம் பிடித்தால் இரண்டு வருடம் கழித்துத் தூணையே மாற்ற வேண்டி வரும். பைப் ரேக் முழுவதும் அடிக்கலாம், மதில் ஓரக் கைப்பிடிகளை மட்டும் தள்ளிவைக்கலாம் என்று 10 எட்டாயிற்று.

முடிவு: ஒப்பந்தம் 14, உதிரிபாகம் 26, டீசல் 4, கூரை 8, பெயின்ட் 8. துறைக்கு 60. வாடகையும் மழை டீசலுமான 8 லட்சம் எம்.டி. பெயரில் 'மழைக் கையிருப்பு' என்று தனித் தலைப்புக்குப் போனது. இடைவெளியான 18-இல் 10 இங்கேயே அடைபட்டது. மீதி 8 மற்றத் துறைகளிலிருந்து.

படி 5: அன்று மாலையே மினிட்ஸ்

அடுத்த நாளுக்குத் தள்ளினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஞாபகம். தொகை, நிற்கும் வேலை, காரணம், பொறுப்பாளர், தேதி, இவ்வளவுதான். எங்கள் மினிட்ஸிலிருந்து இரண்டு வரி:

"ஷெட் 2, 4 மேற்கூரை: ரூ. 8 லட்சம். செப்டம்பர் 15-க்குள் முடிய வேண்டும். ஷெட் 1, 3 தள்ளிவைப்பு. காரணம், ஒழுகல் பதிவு இல்லை."

"மழைக் கையிருப்பு: ரூ. 8 லட்சம். மின்வெட்டு தொடர்ந்து 8 மணி நேரத்தைத் தாண்டினால் ஆலைத் தலைவர் எம்.டி.யிடம் போனில் சொல்லிவிட்டுத் திறக்கலாம். ஜனவரி 15 வரை திறக்காவிட்டால் ஷெட் 1, 3 கூரைக்கு."

இரண்டாவது வரியின் கடைசி வாக்கியத்தை எழுதச் சொன்னது மெயின்டெனன்ஸ் மேனேஜர்தான்.