குளோரைடு டைட்ரேஷனில் பி.எச். பார்க்காமல் விட்டால் எங்கே தப்பு வரும்

உவரி, திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போர் போட்டால் தண்ணீர் கிடைத்துவிடும். அதில் உப்பு எவ்வளவு என்பதுதான் அடுத்த கேள்வி. வீடு கட்டுகிறவர், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இந்தத் தண்ணீர் ஆகுமா என்று கேட்டு பாட்டிலோடு வருவார். இந்தியத் தர நிர்ணயப்படி (IS 456) கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. கடலோரக் கிணறுகள் பல இந்த எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்பவை. அங்கே டைட்ரேஷனில் 2 மி.லி. பிசகினால் தீர்ப்பே மாறிவிடும். அந்த 2 மி.லி. பெரும்பாலும் பி.எச். பார்க்காததால் வருகிறது.

முதலில் குடுவைக்குள் நடப்பதைப் பார்ப்போம். தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட் சேர்த்ததும் எலுமிச்சை மஞ்சள் வரும். பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட் விட விட, வெள்ளி முதலில் குளோரைடைத்தான் பிடிக்கும். வெள்ளை வீழ்படிவு பால் மாதிரிக் கலங்கும். குளோரைடு ஏறக்குறைய தீர்ந்த பிறகே வெள்ளிக்குக் குரோமேட்டோடு சேர வாய்ப்பு வரும். அப்போது செங்கல் நிறத்தில் வெள்ளி குரோமேட் தோன்றும். குலுக்கியும் மறையாத அந்த முதல் செம்மைதான் முடிவுநிலை. ஆக, குரோமேட் குரோமேட்டாகவே இருந்தால்தான் சிவப்பு சரியான நேரத்தில் வரும்.

அமிலம் இருந்தால் குரோமேட் அப்படி இருக்காது. ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்டு ஹைட்ரஜன் குரோமேட்டாக மாறும், அதில் ஒரு பகுதி டைகுரோமேட்டாகும். இவை வெள்ளியோடு அந்தச் செங்கல் நிற வீழ்படிவைத் தருவதில்லை. பி.எச். 6.5 அளவில் பாதிக் குரோமேட் இப்படிப் போய்விடும். 4.5-க்கு இறங்கினால் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். குரோமேட் நூறு மடங்கு குறைந்தால் சிவப்பு தோன்ற வெள்ளி அயனி பத்து மடங்கு தேவை, ஏனென்றால் வெள்ளி குரோமேட்டில் ஒரு குரோமேட்டுக்கு இரண்டு வெள்ளி. குளோரைடு எப்போதோ தீர்ந்திருக்கும், நாமோ சிவப்புக்காகச் சொட்டு விட்டுக்கொண்டே இருப்போம்.

இந்த 4.5 எங்கிருந்து வருகிறது? காரத்தன்மை பார்த்து முடித்த குடுவையிலிருந்து. மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறும்வரை அமிலம் விட்டு, கணக்கை எழுதிவிட்டு, அதே குடுவையில் குரோமேட்டைச் சேர்த்துக் குளோரைடும் பார்த்துவிடும் பழக்கம் இருக்கிறது. தண்ணீரும் நேரமும் மிச்சம் என்று இதைச் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறார்கள். இது கட்டாயம் நிற்க வேண்டிய பழக்கம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உவரிப் பக்கத்துப் போர் தண்ணீர் 25 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் 100 மி.லி. ஆக்குகிறோம். 5 சதவீதக் குரோமேட் கரைசல் 1 மி.லி. சேர்க்கிறோம். சில்வர் நைட்ரேட்டின் செறிவு 0.0141 நார்மல், அதாவது 1 மி.லி.க்கு 0.5 மி.கி. குளோரைடு. பி.எச். 8-ல் 24.2 மி.லி. செலவாகிறது. வெறும் காய்ச்சி வடித்த நீருக்கு ஆகும் 0.2 மி.லி.யைக் கழித்தால் 24.0. லிட்டருக்கு 480 மி.கி. வருகிறது, கான்கிரீட்டுக்கு ஆகும். அதே தண்ணீரை 4.5-ல் பார்த்தால் கிட்டத்தட்ட 2 மி.லி. கூடுதலாகப் போய், விடை 520 ஆகும். நல்ல தண்ணீரை ஆகாது என்று திருப்பி அனுப்பிவிடுவோம். வெற்று நீருக்கான கழிவு இதைச் சரிசெய்யாது, அதை நடுநிலையான நீரில் பார்த்திருக்கிறோமே!

காரத்தன்மைக்கு விட்டது கந்தக அமிலமாக இல்லாமல் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் இன்னும் மோசம். அந்த 25 மி.லி.க்கு 0.02 நார்மல் அமிலம் 5 மி.லி. போயிருந்தால், லிட்டருக்கு 140 மி.கி. குளோரைடை நாமே ஊற்றியிருக்கிறோம். ஆகவே குளோரைடுக்கு எப்போதும் பாட்டிலிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். அந்தப் பாட்டிலையும் பார்க்க வேண்டும். இரும்பு முதலிய உலோகங்களுக்காக நைட்ரிக் அமிலம் விட்டு வைத்த பாட்டிலில் பி.எச். 2-க்கும் கீழே இருக்கும். அதில் குரோமேட் விட்டவுடனே எலுமிச்சை மஞ்சளுக்குப் பதில் ஆரஞ்சு சாயல் தெரியும். பியூரெட்டைத் திறக்கும் முன்பே தப்பு தெரிகிற இடம் அது. அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பி.எச். 7-க்கும் 9-க்கும் நடுவில் இருந்தால் கவலை இல்லை. நம் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் அப்படியே இந்த எல்லைக்குள் வரும். குறைந்திருந்தால், குளோரைடு கலக்காத சோடியம் பைகார்பனேட் ஒரு சிட்டிகை போதும். அமிலத்தைத் தீர்த்துவிட்டு, மிஞ்சினாலும் பி.எச். 8 பக்கத்திலேயே நிற்கும், எல்லை தாண்டிப் போகாது. சோடியம் ஹைட்ராக்சைடு அப்படி இல்லை, ஒரு சொட்டு கூடினாலும் மேலே ஏறிவிடும்.

அளந்து பார்க்கிறேன் என்று பி.எச். மீட்டரின் எலக்ட்ரோடை டைட்ரேஷன் குடுவைக்குள் விடுவது அடுத்த தவறு. அது ஊறிக் கிடப்பது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில். கழுவாமல் விட்ட எலக்ட்ரோடின் நுனியில் ஒரு சொட்டு, 0.05 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டியிருந்தால் அதில் 5 மி.கி.க்கு மேல் குளோரைடு உண்டு. பாபநாசத்தில் எடுத்த தாமிரபரணித் தண்ணீர் 100 மி.லி.யில் இருப்பதைவிட அதுவே கூடுதலாக இருக்கக்கூடும். நன்றாகக் கழுவினாலும் உள்ளிருந்து கொஞ்சம் கசியும். அதனால் தனியாக ஒரு பங்கு எடுத்து அதில் அளந்து, எவ்வளவு அமிலமோ காரமோ தேவை என்று கண்டு, அதைக் கொட்டிவிட்டு, வேறு பங்கில் அதே அளவு சேருங்கள்.

மேல்பக்கம் எல்லை மீறுவது புது சிமெண்ட் தொட்டியில் நின்ற தண்ணீரில். பூச்சிலிருந்து சுண்ணாம்பு இறங்கி பி.எச். 11-ஐக்கூடத் தொடும். அங்கே வெள்ளி, ஹைட்ராக்சைடோடு சேர்ந்து பழுப்பு ஆக்சைடாகப் படியும். சொட்டு விழும் இடத்தில் அழுக்குப் பழுப்பு தெரிந்து, முடிவுநிலை எது என்றே புரியாது. ஃபினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு இளஞ்சிவப்பு வந்தால், நிறம் போகும்வரை நீர்த்த கந்தக அமிலம் விடுங்கள். பி.எச். சுமார் 8.3-க்கு வந்துவிடும். இதற்கும் ஹைட்ரோகுளோரிக் வேண்டாம்.

சாக்கடையோ உரமோ கலந்து அம்மோனியம் உள்ள தண்ணீருக்கு மட்டும் மேல் எல்லை 7.2 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே அம்மோனியா விடுபட்டு வெள்ளியைக் கரைசலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும்.

விடையில் சந்தேகம் வந்தால், சரிசெய்த அதே தண்ணீரின் இன்னொரு 25 மி.லி.யில், லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடு உள்ள சோடியம் குளோரைடு கரைசல் 10 மி.லி. சேர்த்து, முன்போலவே 100 மி.லி. ஆக்கித் திரும்பப் பாருங்கள். பியூரெட் சரியாக 10 மி.லி. கூட வேண்டும். கூடாவிட்டால் பியூரெட்டிலோ சில்வர் நைட்ரேட்டின் செறிவிலோ கோளாறு. ஆனால் இந்தச் சோதனை அமிலக் குடுவையைக் காட்டிக்கொடுக்காது: அங்கே அந்த 2 மி.லி. இரண்டு முறையும் ஒரேபோல் கூடியிருக்கும், வித்தியாசம் 10-ஆகவே வரும். அதற்கு பி.எச். தாள் ஒன்றைத் தனிப் பங்கில் நனைத்துப் பார்ப்பதே வழி.