சேரும் நாளுக்கு முன் பேச்சை நிறுத்திய கணக்காளர்

கோவையில் எங்களுடையது பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறிய கம்பெனி. கணக்குப் பிரிவுக்கு ஒருவரை எடுத்தோம். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டும் அனுப்பிவிட்டார். பழைய இடத்தில் நோட்டீஸ் 60 நாள். சேர 12 நாள் இருக்கும்போது பேச்சு நின்றது. போன் அடிக்கும், எடுக்கமாட்டார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது.

டிக் விழுகிறதே, அப்படியென்றால் சொல்லத்தான் சங்கடப்படுகிறார் என்று தோன்றியது. திரும்பத் திரும்பக் கூப்பிடுவதை விட்டுவிட்டு ஒரே செய்தி அனுப்பினேன்: "தம்பி, அங்கேயே சம்பளம் கூட்டிக் கொடுத்திருந்தால் தயங்காமல் சொல்லுங்க, வருத்தமில்லை. வியாழன் மாலை 5 மணிக்குள் பதில் வரலைன்னா அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவேன்." பதிவு இருக்கட்டும் என்று அதையே மெயிலிலும் போட்டேன்.

புதன் இரவு வந்தது: "சாரி சார், இங்கேயே ஆறாயிரம் ஏத்திட்டாங்க."

கோபம்தான். ஆனால் வர மனமில்லாதவரை இழுத்து வந்து என்ன செய்வது? நல்லவேளை, இரண்டாவதாக வைத்திருந்த பெண்ணிடம் நான் இன்னும் 'இல்லை' என்று சொல்லியிருக்கவில்லை. அவர் 15 நாளில் சேர்ந்தார்.

இப்போது ஆஃபரை ஏற்ற ஒரு வாரத்துக்குள், பழைய கம்பெனி ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயிலைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். அந்தத் தம்பியிடம் அப்படிக் கேட்டிருந்தால் ராஜினாமாவே கொடுக்கவில்லை என்பது அன்றே தெரிந்திருக்கும்.