கவுண்டரில் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும்?

திருமங்கலத்தில் ஒரே கவுண்டர் உள்ள இ-சேவை மையத்துக்கு மணிக்குச் சராசரியாக 12 பேர் முன்பின்னாக வருகிறார்கள் என்றும், சிலருக்கு 1 நிமிடமும் சிலருக்கு 10 நிமிடமுமாக, ஒருவருக்குச் சராசரியாக 4 நிமிடம் ஆகிறது என்றும் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 48 நிமிடம் வேலைக்கும் 12 நிமிடம் ஓய்வுக்கும் போவதால், 48-ஐ 12-ஆல் வகுத்து வரும் 4-ஐ, ஒருவருக்கு ஆகும் 4 நிமிடத்தால் பெருக்கினால், வரிசையில் சராசரியாக 16 நிமிடம் காத்திருக்க நேரும் என்று தெரியும்.

வருகை 14 ஆகி நெடுநேரம் நீடித்தால், ஓய்வு 4 நிமிடமாகச் சுருங்கி, காத்திருப்பு 56 நிமிடமாகத் தாவிவிடும். இருவர்தானே கூடுதல் என்று எண்ணுவோர் ஏமாறுவது இங்கேதான். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் ஆகுமானால், வந்த விடையில் பாதியைக் கொள்ளலாம். வருகை 15-ஐ எட்டினாலோ வரிசை நீண்டுகொண்டே போகும் என்பதால், இக்கணக்கு செல்லாது.