குன்னூரில் ஒரு திருநெல்வேலி வாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டில் திங்கள் கேரட் பொரியல், செவ்வாய் முட்டைகோஸ் கூட்டு, புதன் பீட்ரூட், வியாழன் மறுபடியும் கேரட். குன்னூர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைப்பது அதுதான். சலித்துப்போய், வாரத்துக்கு ஒரு ஊர்ச் சமையல் என்று தொடங்கினோம். முதல் வாரத்துக்குத் திருநெல்வேலியை எடுத்துக்கொண்டேன். பாதி தப்பாகப் போனது. குறிப்பில் பிழை இல்லை. அதைக் கீழே உள்ளவர்கள் கீழே சமைப்பதற்காக எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

முதல் தவறு, பட்டியல் போட்டதிலேயே நடந்தது. திங்கள் சொதி, செவ்வாய் உளுத்தம்பருப்பு சாதம், புதன் கூட்டாஞ்சோறு என்று ஏழு நாளுக்கும் பெயர்பெற்ற பதார்த்தங்களாக எழுதி வைத்தேன். எங்கள் தெருவில் இருக்கும் திருநெல்வேலி ஆச்சி பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏம்மா, சொதி என்ன அன்னாடம் வைக்கிற குழம்பா? மறுவீட்டுக்குல்லா வைப்பாவ." சொதி, கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வைப்பது. அந்த ஊர் வீடுகளில் வாரம் முழுக்க விருந்து நடக்காது. நாம்தான் ஊர்ச் சமையல் என்றதும் விருந்தை எடுத்துக்கொள்கிறோம். மூன்றாம் நாள் வீட்டில் எல்லோரும் "வெறும் ரசம் போதும்" என்றார்கள்.

இப்போது வாரத்தில் மூன்று வேளைதான் அந்த ஊருக்கு. ஒன்று விருந்துப் பதார்த்தம், இரண்டு அன்றாடச் சமையல். மூன்றும் ஒரே சாமானைப் பங்குபோடுகிறபடி பார்த்துக்கொள்கிறேன். சொதி, உளுத்தம்பருப்பு சாதம், எள்ளுத் துவையல் மூன்றுக்கும் தேங்காய், பூண்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. புதிதாக வாங்க வேண்டியது தொலி உளுந்தும் எள்ளும் மட்டும். மீதி வேளைகளில் நம் வழக்கமான சாப்பாடு. மாவு புளிக்க வேண்டிய எதையும் இந்த மூன்றில் சேர்ப்பதில்லை. மார்கழிக் குளிரில் இங்கே மாவு மறுநாள் மத்தியானம் வரை பொங்காமல் கிடக்கும். அதை நம்பி காலை டிபனுக்குத் திட்டம் போட்டால், பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் ரொட்டி தின்றுவிட்டுத்தான் போவார்கள்.

இரண்டாவது தவறு அடுப்பில். உளுத்தம்பருப்பு சாதத்துக்கு ஒரு கப் அரிசி, அரை கப் தொலி உளுந்து, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், அரை மூடி தேங்காய்த் துருவல். உளுந்தை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, எல்லாவற்றையும் சேர்த்து நாலரை கப் தண்ணீர் விட்டு நாலு விசில் என்று குறிப்பு. அப்படியே வைத்தேன். திறந்தபோது சோறு குழைந்திருந்தது, உளுந்தோ நடுவில் சுண்ணாம்புபோல வெள்ளையாக இருந்தது. பல்லில் நறநறவென்றது.

காரணம் உயரம். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். இங்கே தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதித்துவிடும், ஊட்டியில் அதைவிடவும் ஒரு டிகிரி குறைவு. எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. பருப்பு வேகாமல் கிடப்பது அதனால்தான். குக்கரில் வைத்தாலும் முழுக்கத் தப்பிக்க முடியாது. குக்கரின் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்றுதான் பிடித்துவைக்கிறது. இங்கே வெளியே அழுத்தம் குறைவு என்பதால், உள்ளே இருக்கும் சூடும் கீழே இருப்பதைவிட சில டிகிரி குறைந்துவிடும். அரிசி இதைத் தாங்கிக்கொள்ளும், பருப்பு தாங்காது.

இதைச் சரிசெய்ய விசிலை மட்டும் கூட்டினால் சோறு இன்னும் குழையும். உளுந்தை முன்கூட்டியே தயார்செய்ய வேண்டும். வறுத்த உளுந்தைச் சுடுதண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊறவைக்கிறேன். அரிசியை ஊறவைப்பதே இல்லை, கழுவி நேராகப் போடுகிறேன். குக்கரில் விடுவதும் கொதிக்கிற தண்ணீர். குழாய்த் தண்ணீர் இங்கே ஐஸ் மாதிரி வரும், அது சூடேறுவதற்குள் அரிசி ஊறி உப்பிவிடும். அப்புறம் ஆறு விசில், ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடுவதில்லை. ஒரு உளுந்தை விரலில் நசுக்கிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரியாமல் மசிந்தால் வெந்துவிட்டது. எள்ளுத் துவையலோடு, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சூடாக. மழை நாளில் இதற்கு ஈடாக எங்கள் வீட்டில் எதுவும் இல்லை.

மூன்றாவது, சொதியில். குளிர் வேறு மாதிரியும் ஏமாற்றும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், எங்கள் சமையலறை ஜனவரியில் 15 டிகிரியைத் தாண்டுவதே பெரிய விஷயம். குளிர்ந்த தேங்காயைக் குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தேன். கொழுப்பெல்லாம் துணியிலும் சக்கையிலும் ஒட்டிக்கொண்டு, கிடைத்தது வெறும் வெள்ளைத் தண்ணீர். துருவலை விரல் பொறுக்கும் சூட்டில் இருக்கும் தண்ணீர் விட்டு அரைத்தால் ஒரு பெரிய தேங்காயில் கெட்டியாக ஒரு கப் முதல் பாலும், அப்புறம் இரண்டு கப் இரண்டாம் பாலும் வரும்.

நாலு பேருக்கு அரை கப் பாசிப்பருப்பைக் குக்கரில் தனியாக மசிய வேகவைக்க வேண்டும். கேரட், பீன்ஸ், உருளை, பட்டாணி, முழுச் சின்ன வெங்காயம், பூண்டு, அரைத்த பச்சைமிளகாய் எல்லாம் இரண்டாம் பாலில் வேகும். நான் அவசரத்தில் காய் அரைவேக்காடாக இருக்கும்போதே முதல் பாலை ஊற்றிவிட்டேன். மலையில் கேரட் வேக நேரமாகும், அதுவரை கொதித்துக்கொண்டே இருந்ததில் பால் திரிந்துவிட்டது. காய் கத்தி இறங்கும் பதத்துக்கு வெந்து, பருப்பும் சேர்ந்த பிறகு, தீயைக் குறைத்து முதல் பாலையும் இஞ்சிச்சாறையும் விட்டு, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். எலுமிச்சைச்சாறு இறக்கி, சற்று ஆறின பிறகுதான்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மறுநாள் மிச்சச் சொதியின் மேல் வெள்ளையாக ஏடு கட்டியிருந்ததைப் பார்த்து, கெட்டுவிட்டது என்று ஒருமுறை கொட்டியே விட்டேன். அது உறைந்த தேங்காய்க் கொழுப்பு. கொஞ்சம் சூடு காட்டினால் வழுவழுவென்று கரைந்துவிடும். திரிந்த பால் அப்படிக் கரையாது, எவ்வளவு சூடாக்கினாலும் மோர்க்கட்டி மாதிரித் திப்பிதிப்பியாகவே நிற்கும். புளித்த வாடை வந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டுங்கள்.

சொதிக்கு நம் மலைக் காய்கள் அப்படியே பொருந்தும். அந்தத் தைரியத்தில் கூட்டாஞ்சோற்றிலும் கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்கீரைக்குப் பதிலாகக் கேரட்டும் கோஸும் போட்டதுதான் நாலாவது தவறு. புளியும் தேங்காய் அரைப்பும் கேரட்டின் இனிப்போடு ஒட்டவில்லை, முருங்கைக்கீரை வாசமில்லாமல் அது வெறும் சாம்பார் சாதம். மேட்டுப்பாளையத்திலிருந்து முருங்கைக்கீரை ஏறி வரும் நாளாகப் பார்த்து அதைச் செய்யலாம். வரவில்லையா, அந்த வாரம் கூட்டாஞ்சோறு வேண்டாம்.

அடுத்தது கொங்கு வாரம். அரிசிம்பருப்பு சாதத்துக்குத் துவரம்பருப்பை உளுந்து மாதிரியே சுடுதண்ணீரில் போட்டுவிடுவேன். கொள்ளுதான் பிடிவாதக்காரன். அதை முந்தின நாள் இரவே சுடுதண்ணீர் விட்டு, பாத்திரத்தைப் பழைய சால்வையில் சுற்றி வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.