ஐகன் வெக்டர் விடை சரியா? பெருக்கிப் பாருங்கள்

நாகர்கோவிலில் மாலை டியூஷனுக்கு வரும் பிஎஸ்சி மாணவி ஒருத்தி போன வாரம் ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள். அணி A = [[6, 2], [2, 3]]. ஐகன் மதிப்புகள் 7, 2 என்று சரியாகவே கண்டுபிடித்திருந்தாள். வெக்டர்களை (2, 1), (1, 2) என்று எழுதியிருந்தாள்.

"ரெண்டையும் புள்ளிப் பெருக்கல் செஞ்சு பாரு மக்ளே" என்றேன். 2·1 + 1·2 = 4. பூஜ்ஜியம் வரவில்லை, எனவே எங்கோ பிழை. λ = 2-க்கு 4x + 2y = 0 என்று வரும்; அதில் குறியை விட்டிருந்தாள். சரியான வெக்டர் (1, −2).

ஏன் பூஜ்ஜியம் வந்தே ஆக வேண்டும்? Au = λu, Av = μv என்று வையுங்கள். (Au)·v என்பதை அப்படியே எடுத்தால் λ(u·v). A சமச்சீர் அணி, அதாவது Aᵀ = A. அதனால் A-யை மறுபக்கம் தள்ளலாம்: (Au)·v = u·(Av) = μ(u·v). ஒரே எண்ணின் இரண்டு வடிவங்கள் இவை. கழித்தால் (λ − μ)(u·v) = 0. λ ≠ μ என்பதால் u·v = 0, அதாவது இரண்டும் செங்குத்து.

A-யைத் தள்ளுகிற அந்தப் படிதான் நிரூபணத்தின் உயிர். சமச்சீர் இல்லாத [[2, 1], [0, 3]]-க்கு வெக்டர்கள் (1, 0), (1, 1), பெருக்கினால் 1.

அப்புறம், ஒரே ஐகன் மதிப்பு திரும்ப வந்தால் λ − μ = 0 ஆகிவிடும், அங்கே இந்தச் சோதனை செல்லாது. அலகு அணிக்கு (1, 0), (1, 1) இரண்டுமே சரியான விடைதான்; செங்குத்து ஜோடியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.