ரீஜெனரேட்டர் வைத்த கேஸ் டர்பைன்: அழுத்த விகிதத்தில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பையன்களுக்கு தெர்மோ சொல்லிக்கொடுக்கிறேன். கேஸ் டர்பைன் பாடம் வந்தால் பாதிப் பேர் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ‘அழுத்த விகிதம் கூடக்கூட செயல்திறன் கூடும்’ என்று சாதாரண சுழற்சிக்குப் படித்ததை ரீஜெனரேட்டர் வைத்த சுழற்சிக்கும் அப்படியே எழுதிவிடுவார்கள். அங்கே நடப்பது நேர்மாறு.

காரணம் சூத்திரத்தில் இல்லை, வெப்பநிலையில் இருக்கிறது. டர்பைனை விட்டு வெளியேறும் சூடான வாயுவை வைத்து, கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றை எரிப்பறைக்குள் போகுமுன் சூடாக்குவதுதான் ரீஜெனரேட்டரின் வேலை. அதற்கு டர்பைன் வெளியேற்றம் (T4) கம்ப்ரசர் காற்றை (T2) விடச் சூடாக இருக்க வேண்டும். அழுத்த விகிதத்தை ஏற்றினால் T2 ஏறும், T4 இறங்கும். இடைவெளி சுருங்கச் சுருங்க மீட்க வெப்பமே இருக்காது.

ஒரு கணக்கு போடலாம். உள்ளே வரும் காற்று 300 கெல்வின், டர்பைன் நுழைவு 1200 கெல்வின், இழப்பே இல்லாத சுழற்சி, காற்றுக்கு k = 1.4. விகிதம் 4 என்றால் T2 சுமார் 446, T4 சுமார் 808. மீட்க 360 டிகிரிக்கு மேல் இருக்கிறது. செயல்திறன் ரீஜெனரேட்டர் இல்லாமல் 33 சதவீதம், இருந்தால் 63. விகிதம் 16 என்றால் T2 சுமார் 662, T4 சுமார் 543. இப்போது ரீஜெனரேட்டரை மாட்டினால் அது கம்ப்ரசர் காற்றைக் குளிர வைக்கும்! இதைக் கவனிக்காமல் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் 45 சதவீதம் என்று ஒரு விடை வரும். சாதாரண சுழற்சியே 55 தரும் இடம் அது. ஆகவே சூத்திரத்தைத் தொடுமுன் T2, T4 இரண்டையும் எழுதிப் பாருங்கள்.

இரண்டும் சமமாகும் இடம் இங்கே விகிதம் 11.3, அங்கே T2, T4 இரண்டும் 600. ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் நிகர வேலை உச்சம் தொடுவதும் அதே இடத்தில்தான், சுமார் 300 கிலோ ஜூல். ரீஜெனரேட்டர் இந்த வேலையை மாற்றாது, எரிபொருளை மட்டும் மிச்சப்படுத்தும். ‘ரீஜெனரேட்டர் வைத்தால் வேலை கூடும்’ என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் மதிப்பெண் இழக்கிறார்கள்.

‘அப்படின்னா விகிதத்தைக் குறைச்சுக்கிட்டே போனா நல்லதுதானே சார்?’ என்று யாராவது ஒருவர் கேட்பார். காகிதத்தில் சரிதான், விகிதம் 1-ஐ நெருங்க நெருங்க செயல்திறன் கார்னோ எல்லையான 75 சதவீதத்தை நோக்கி ஏறும். கிடைக்கும் வேலையோ பூஜ்யத்தை நோக்கிப் போகும். அப்படி ஓர் இயந்திரத்திலிருந்து உருப்படியான மின்சாரம் எடுக்க மலையளவு காற்றை இழுக்க வேண்டும்.

நிஜ இயந்திரத்தில் செயல்திறனும் கூட ஏறிக்கொண்டே போகாது. கம்ப்ரசர் 85, டர்பைன் 88, ரீஜெனரேட்டர் 80 சதவீதம் என்று வைத்து அதே கணக்கைத் திரும்பப் போட்டேன். விகிதம் 2-ல் செயல்திறன் 35.5, 4-ல் 41, 11.3-ல் 33 சதவீதம். உச்சம் 4-க்கு அருகில். வேலையின் உச்சம் 11.3-லிருந்து 7-க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. அங்கே ஒரு கிலோவுக்கு 189 கிலோ ஜூல், செயல்திறன் 39. வேடிக்கை என்னவென்றால், விகிதம் 4-லும் 11.3-லும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான், 175-ஐ ஒட்டி. அதே வேலைக்கு 11.3-ல் கூடுதலாக எரிபொருள் ஊற்றுகிறோம். எனவே வடிவமைப்பவர் பொதுவாக 4-க்கும் 7-க்கும் நடுவில் பேரம் பேசுவார்: இந்தப் பக்கம் எரிபொருள் மிச்சம், அந்தப் பக்கம் சின்ன இயந்திரம். ரீஜெனரேட்டர் வைத்த மைக்ரோ டர்பைன்களில் விகிதம் 4-ஐ ஒட்டியே இருப்பது இதனால்தான்.

கேரளப் பக்கத்துப் பையன்கள் காயங்குளம் மின்நிலையத்தை ரீஜெனரேஷனுக்கு உதாரணமாக எழுதுகிறார்கள். அது கம்பைண்ட் சைக்கிளாகக் கட்டியது. அந்த வகையில் டர்பைனை விட்டு வெளியேறும் சூடான வாயு கொதிகலனுக்குப் போய்த் தண்ணீரை நீராவியாக்குகிறது, எரிப்பறைக்குப் போகும் காற்றைச் சூடாக்குவதில்லை. அதில் ரீஜெனரேட்டரை மாட்டினால் கொதிகலனுக்குச் சூடு போதாது.

கடைசியாக T1. கை தானாக 300 என்று எழுதும். பாலக்காட்டு ஏப்ரலில் வெளியே 40 டிகிரி, அதாவது 313 கெல்வின். அதைப் போட்டால் T2, T4 சமமாகும் விகிதம் 11.3-லிருந்து சுமார் 10.5-க்கு இறங்கும், வேலையும் குறையும். வினாத்தாளில் T1 தனியாகக் கொடுத்திருந்தால் அது சும்மா கொடுத்ததல்ல.